நீட்சி கணக்கோடு ஒத்துவராதபோது: பி.டி. தளத்தின் ஸ்ட்ரெஸ்ஸிங் பதிவேட்டை வைத்து எந்த வழியைத் தேர்வது?

கான்கிரீட் இறுகிய பின் உள்ளே ஓடும் எஃகுக் கம்பிகளை இழுத்து வலுவூட்டும் போஸ்ட் டென்ஷன் தளத்தில், ஸ்ட்ராண்ட் எனப்படும் ஒவ்வொரு முறுக்குக் கம்பியையும் இழுத்து முடித்ததும் பதிவேட்டில் இரண்டு எண்கள் ஏறுகின்றன. ஒன்று ஜாக்கின் அழுத்தமானி காட்டியது, மற்றொன்று ஸ்ட்ராண்ட் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்பது. அழுத்தமானி, ஜாக் நிற்கும் இடத்தில் உள்ள விசையை மட்டுமே சொல்கிறது. நீட்சியோ ஸ்ட்ராண்டின் முழு நீளத்திலும் பரவியுள்ள விசையின் சராசரியைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் விசை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் பொறியாளர் முன் நான்கைந்து வழிகள் நிற்கும்: கணக்கைத் திருத்திப் பார்ப்பது, மறுபடி ஜாக் வைத்துச் சோதிப்பது, அழுத்தத்தைக் கூட்டி இழுப்பது, விசையை முழுவதும் தளர்த்தி மீண்டும் இழுப்பது, அல்லது குறைந்த விசையோடு அப்படியே ஏற்பது. இவற்றில் எது எந்தக் கோளாறுக்குப் பொருந்தும் என்பதை, எடுத்துக்காட்டுக்கு அமைத்துக்கொண்ட ஒரே தளத்தின் பதிவேட்டை வைத்துப் பார்க்கலாம்.

200 மி.மீ. தடிமனுள்ள தளம்; தூண்களுக்கு இடையே 8 மீட்டர் வீதம் மூன்று கண்கள்; கேபிளின் நீளம் 24 மீட்டர். டக்ட் என்ற தட்டையான உறைக்குழாய்க்குள் 12.7 மி.மீ. விட்டமுள்ள நான்கு ஸ்ட்ராண்டுகள் ஓடுகின்றன. ஒரு முனையில் ஜாக் வைத்து, ஒவ்வொரு ஸ்ட்ராண்டாக இழுக்கிறார்கள். மறுமுனையாகிய டெட் எண்ட், வெங்காயம் போல விரித்த நுனியோடு கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது. வேலை முடிந்ததும் டக்டுக்குள் க்ரௌட், அதாவது சிமெண்ட் கூழ், செலுத்தப்படும். ஸ்ட்ராண்டின் உடையும் விசை 183.7 கிலோநியூட்டன், அதில் 75 சதவீதம், அதாவது 137.8 கிலோநியூட்டன், இழுவிசையாகக் குறிக்கப்பட்டுள்ளது.

கணக்கிட்ட நீட்சி எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. வளைவுகளில் ஏற்படும் உராய்வும், டக்ட் நேர்கோட்டில் நில்லாமல் அலைவதால் ஏற்படும் உராய்வும் சேர்ந்து, ஜாக்கிலிருந்து தொலைவு கூடக்கூட விசையைக் குறைக்கின்றன. இந்தக் கேபிளின் ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் மொத்தக் கோணமாற்றம் ஏறத்தாழ 0.5 ரேடியன். உராய்வுக் கெழு 0.20 என்றும், அலைவுக் கெழு மீட்டருக்கு 0.0025 என்றும் வடிவமைப்பாளர் எடுத்திருந்தால் மொத்த அடுக்கு 0.16 ஆகிறது.

```
x      = μα + kL = 0.20×0.50 + 0.0025×24 = 0.16
P_dead = 137.8 × e^(-0.16)         = 117.4 kN
P_avg  = 137.8 × (1 - e^(-x)) / x  = 127.3 kN
ΔL     = P_avg × L / (A × E)
       = 127300 × 24000 / (98.7 × 195000) = 159 mm
```

இழுத்த பின் ஜாக்கைத் தளர்த்தும்போது ஸ்ட்ராண்டைக் கவ்வும் ஆப்பாகிய வெட்ஜ், முனைப் பிடிப்பாகிய ஆங்கருக்குள் சற்றே உள்வாங்கிப் பிடிக்கும். அதற்கு 6 மி.மீ. என்று கொண்டால், பூட்டிய பின் மிஞ்ச வேண்டிய நீட்சி 153 மி.மீ. பதிவேட்டில் அளந்த எண் பூட்டுவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பது தெளிவில்லாவிட்டால் தொடக்கத்திலேயே 4 சதவீதக் குழப்பம் புகுந்துவிடுகிறது. அதனால் முன், பின் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறகு வரும் முடிவுகளில் பாதி அந்த இரண்டு எண்களின் வேறுபாட்டைத்தான் நம்பியிருக்கின்றன.

அளக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். தொய்வை எடுக்க முதலில் 25 சதவீத விசை வரை இழுத்து, ஸ்ட்ராண்டில் வண்ணக் குறியிட்டு, அங்கிருந்து 100 சதவீதம் வரையிலான நகர்வை அளந்து, அதை 0.75ஆல் வகுத்து முழு நீட்சியைப் பெறுவது ஒரு முறை. ஆங்கர் முகத்திலிருந்து குறி எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் ஜாக்குக்குள் இருக்கும் ஸ்ட்ராண்டின் நீட்சி கணக்கில் சேராது. ஜாக்கின் பிஸ்டன் நகர்வை அளந்தால் அது சேர்ந்துவிடும். அரை மீட்டர் நீளத்துக்கு மூன்றரை மி.மீ. வரை வரும். ஒரே தளத்தில் காலையில் ஒரு முறையும் மாலையில் வேறொரு முறையும் கையாளப்பட்டால், கேபிளில் இல்லாத வித்தியாசம் பதிவேட்டில் தோன்றும்.

எவ்வளவு மாறுபடலாம் என்பதில் விதிமுறைகள் ஒரே மனத்தோடு இல்லை. நம் நாட்டில் நெடுஞ்சாலை அமைச்சகத்தின் பால வேலைகளுக்கான விவரக்குறிப்பு 5 சதவீதத்தைச் சுற்றி எழுதப்பட்டுள்ளது. கட்டடத் தளங்களிலும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். அமெரிக்காவின் ஏசிஐ 318, போஸ்ட் டென்ஷன் வேலைக்கு 7 சதவீதம் வைத்து, அதைத் தாண்டினால் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும், அல்லது வடிவமைத்த பொறியாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் இஎன் 13670 தனிக் கேபிளுக்கு 15 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து, ஒரே வெட்டுமுகத்தில் உள்ள கேபிள்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகைக்கு 5 சதவீதம் என்று இறுக்குகிறது. மூன்றுக்கும் பின்னால் மூன்று வெவ்வேறு கவலைகள் இருக்கின்றன. பாலத்தின் கர்டரில் கேபிள்கள் சில. ஒன்று தவறினாலும் அதன் பங்கு பெரிது. தளத்தில் ஸ்ட்ராண்டுகள் நூற்றுக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. ஆகவே தளத்தைப் பொறுத்தவரை ஐரோப்பிய விதியின் சிந்தனை, அதாவது தனி எண்ணையும் கூட்டு எண்ணையும் வெவ்வேறு அளவுகோலால் பார்ப்பது, அதிக நியாயமாகப் படுகிறது. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் அதுவே செல்லும். ஆனால் 5ஐத் தாண்டிய பின் எந்த வழியில் போவது என்று யோசிக்கும்போது அந்தச் சிந்தனை கைகொடுக்கும்.

இனி பதிவேட்டுக்கு வருவோம். பூட்டிய பின் பெரும்பாலான ஸ்ட்ராண்டுகள் 145 முதல் 149 மி.மீ. வரை காட்டுகின்றன, சராசரி 147. 153க்கு எதிரே இது 4 சதவீதக் குறைவு. எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஏறத்தாழ அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. எல்லைக்கு வெளியே நிற்பவை மூன்று. 9ஆம் கேபிளின் நான்கு ஸ்ட்ராண்டுகளும் 139, 138, 140, 137 என்று தாழ்ந்துள்ளன. 14ஆம் கேபிளில் மூன்று ஒழுங்காக இருக்க, ஒன்று மட்டும் 166 காட்டுகிறது. 17ஆம் கேபிளில் ஒரு ஸ்ட்ராண்ட் 142.

முதல் வழி கணக்கைத் திருத்துவது. செலவே இல்லாத வழி இது. தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. 159 என்ற எண் 98.7 சதுர மி.மீ. பரப்பையும் சதுர மி.மீ.க்கு 195 கிலோநியூட்டன் என்ற யங் குணகத்தையும் நம்பியது. இவை பெயரளவு மதிப்புகள். வந்திறங்கிய காயிலின் ஆய்வகச் சான்றிதழில் பரப்பு 99.6, குணகம் 198 என்று இருந்தால், எதிர்பார்க்க வேண்டிய நீட்சி பூட்டுமுன் 155 ஆகவும் பூட்டிய பின் 149 ஆகவும் இறங்குகிறது. தளத்தின் சராசரிக் குறைவு 4 சதவீதத்திலிருந்து ஒன்றேகால் சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே பக்கம் சாய்ந்திருந்த எண்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அழுத்தமானியையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அது கூடுதலாகக் காட்டும் மானியாக இருந்தால், திருத்திய பின்னும் தளம் முழுவதும் அதே அளவு குறைவாகவே நின்றிருக்கும். அப்போது ஸ்ட்ராண்டைத் தொடுவதற்கு முன் ஜாக்கையும் மானியையும் மறு அளவீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

திருத்தம் செய்தால் எல்லா வரிக்கும் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே அதே திருத்தம் 17ஆம் கேபிளின் 142 காட்டும் குறைவை 4.7 சதவீதமாக்கி எல்லைக்குள் கொண்டுவருகிறது. 9ஆம் கேபிளின் குறைவை 6 முதல் 8 சதவீதம் வரை ஆக்குகிறது. 14ஆம் கேபிளின் 166ஐயோ 8.5 சதவீத மிகையிலிருந்து 11.4 சதவீத மிகைக்குத் தள்ளிவிடுகிறது. தாழ்ந்த எண்களுக்கு மட்டும் புதிய குணகமும், உயர்ந்த எண்களுக்குப் பழைய குணகமும் போட்டு எல்லாவற்றையும் எல்லைக்குள் நுழைத்த பதிவேடுகள் உண்டு. அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திடுவதைவிட எல்லையைத் தாண்டியது என்று எழுதி ஒப்புதல் கேட்பது எவ்வளவோ மேல்.

எல்லைக்குள் வந்துவிட்டதால் 17ஆம் கேபிளின் ஸ்ட்ராண்டை விட்டுவிடலாமா? அதன் முன், பின் கட்டங்களைப் பார்க்க வேண்டும். பூட்டுமுன் 155, பின் 142. அதாவது ஸ்ட்ராண்ட் முழு நீட்சியையும் பெற்றது. பிறகு வெட்ஜ் 6 மி.மீ.க்குப் பதிலாக 13 மி.மீ. உள்வாங்கியிருக்கிறது. வெட்ஜின் பற்களில் மண்ணோ சிமெண்ட் பாலோ ஒட்டியிருந்திருக்கலாம், அல்லது ஜாக்கின் வெட்ஜ் அழுத்தும் பகுதி சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். இந்த இழப்பு ஜாக் முனையில் மிகுதியாகவும், உள்ளே போகப்போகக் குறைந்தும் இருக்கும். இந்தக் கேபிளில் உராய்வால் மீட்டருக்கு 0.85 கிலோநியூட்டன் குறைவதாகக் கொண்டு கணக்கிட்டால், 6 மி.மீ. உள்வாங்கலின் பாதிப்பு ஏறத்தாழ 11.8 மீட்டர் வரை போய், ஆங்கரில் 118 கிலோநியூட்டனை மிச்சம் வைக்கும், 13 மி.மீ. என்றால் 17.4 மீட்டர் வரை போய், 108 கிலோநியூட்டனை மிச்சம் வைக்கும்.

இங்கே இரண்டாவது வழி, அதாவது மறுபடி ஜாக் வைத்து வெட்ஜ் கிளம்பும் கணத்தின் விசையைப் படிக்கும் லிஃப்ட் ஆஃப் சோதனை, நேராகப் பயன்படுகிறது. 108ஐ ஒட்டிக் கிளம்பினால் சந்தேகம் உறுதியாகிறது. ஜாக் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருப்பதால் அப்படியே 137.8 வரை இழுத்து, வெட்ஜைத் துடைத்து அல்லது மாற்றி மீண்டும் பூட்டலாம். ஒரு ஸ்ட்ராண்டுக்காக இதைச் செய்யலாமா, நான்கில் ஒன்றுதானே, விட்டுவிடலாமா என்று கேட்டால், வெட்ஜ் வழுக்கியதற்கான அறிகுறி இருக்கும் இடத்தில் செய்துவிடுவதையே நான் விரும்புவேன். விசைக் குறைவு சிறிது. ஆனால் சரியாகப் பிடிக்காத வெட்ஜ் க்ரௌட் ஏறும் வரை பிடித்திருக்க வேண்டுமே என்ற கவலை சிறிதன்று.

இந்தச் சோதனையில் அடிக்கடி நேரும் ஒரு பிசகைச் சொல்லியாக வேண்டும். நன்றாக இழுத்துப் பூட்டிய ஸ்ட்ராண்டும் 118ல்தான் கிளம்பும், 137.8ல் கிளம்பாது. உள்வாங்கலைக் கழிக்காமல் 137.8ஐ எதிர்பார்ப்பவர், நல்ல ஸ்ட்ராண்டுகளையெல்லாம் கெட்டவை என்று எழுதிவிடுவார்.

14ஆம் கேபிளின் 166க்கும் இதே சோதனை வேறு விதமாக உதவுகிறது. விசை சரியாக இருக்க நீட்சி மட்டும் மிகுதியானால் மூன்று காரணங்களை முதலில் நினைக்க வேண்டும்: 25 சதவீதத்தில் தொய்வு முழுவதும் எடுபடாமல் குறியிட்டிருக்கலாம், குறியையோ அளவையோ தவறாகப் படித்திருக்கலாம், அல்லது டெட் எண்டில் ஸ்ட்ராண்ட் கான்கிரீட்டை விட்டு நழுவியிருக்கலாம். முதல் இரண்டும் தாளில் நடந்தவை. மூன்றாவது தளத்துக்குள் நடந்தது. வேறுபடுத்த, ஸ்ட்ராண்டில் புதிதாகக் குறியிட்டு, 118லிருந்து மறுபடி 137.8 வரை இழுத்து நகர்வைப் பார்க்க வேண்டும். நழுவல் இல்லையென்றால் உள்வாங்கிய 6 மி.மீ. மட்டும் திரும்ப வெளியே வரும். 10, 12 என்று வந்தால், அல்லது அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும்போதே குறி ஊர்ந்தால், டெட் எண்ட் நழுவுகிறது என்று பொருள். அங்கே கான்கிரீட் சரியாகச் செறியவில்லை, அல்லது போதிய வலு வருவதற்குள் இழுத்துவிட்டார்கள். 6 மட்டும் வந்து நின்றால், நழுவல் நடந்திருந்தாலும் அது நின்றுவிட்டது, விசை இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது, ஸ்ட்ராண்டை ஏற்கலாம். தளர்த்திப் பார்ப்பதால் இங்கே கூடுதலாகத் தெரிய வருவது எதுவுமில்லை.

9ஆம் கேபிளுக்கு வரும்போது லிஃப்ட் ஆஃப் கைவிட்டுவிடும். நான்கும் தாழ்ந்திருப்பதே ஒரு செய்தி. வெட்ஜோ குறியோ காரணம் என்றால் நான்கும் ஒன்றுபோல் தவறியிருக்காது. கோளாறு நான்குக்கும் பொதுவான டக்டில் இருக்கிறது. பூட்டுமுன், பின் வேறுபாடும் ஒழுங்காக 6 மி.மீ. இருக்கிறது. இந்த நிலையில் லிஃப்ட் ஆஃப் செய்தால், ஜாக் முனையில் விசைக்குப் பெரிய குறை இல்லாததால், 118ஐ ஒட்டியோ, உராய்வு மிகுந்திருந்தால் அதற்குச் சற்றுக் கீழேயோ ஓர் எண் வந்து, தூரத்து முனையைப் பற்றி எதுவும் காட்டாமலேயே எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். நீட்சி குறைந்த கேபிளை லிஃப்ட் ஆஃப் அறிக்கை ஒன்றை மட்டும் இணைத்து ஒப்புக்கொள்வது, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்வதாகும்.

இந்த 7 சதவீதக் குறைவை இரண்டு விதமாக விளக்கலாம். உராய்வு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பது முதலாவது. அப்படியானால் சராசரி விசை 127லிருந்து 118க்கு இறங்க, அடுக்கு 0.16லிருந்து 0.31க்கு ஏறியிருக்க வேண்டும், ஏறக்குறைய இரு மடங்கு. அந்த அடுக்கில் டெட் எண்டில் விசை 117.4 அன்று, 101 கிலோநியூட்டன்தான். நீட்சியில் 7 சதவீதமாகத் தெரியும் குறைவு, கடைசிக் கண்ணின் நுனியில் 14 சதவீதமாக இருக்கிறது. நீட்சி சராசரியையே காட்டுவதால் அது தாளில் தெரியாது. இரண்டாவது விளக்கம் அடைப்பு. டெட் எண்டில் டக்டின் வாய்க்குச் சுற்றிய டேப் விலகி, கான்கிரீட் ஊற்றும்போது சிமெண்ட் பால் உள்ளே புகுந்து இறுகியிருந்தால், ஸ்ட்ராண்டுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். உராய்வு கணக்கிட்டபடியே இருந்தால், பூட்டுமுன் நீட்சி 144 அல்லது 145 என்பது ஜாக்கிலிருந்து ஏறத்தாழ 22.3 மீட்டரில் பிடிபட்டதற்குச் சமம். கடைசி ஒன்றே முக்கால் மீட்டரில் முன்தகைவு இல்லை. மற்ற இடங்களில் முழுமையாக இருக்கிறது.

எண் ஒன்று, தளம் சுமக்கும் நிலைமை இரண்டு. முதலாவதில் தூரத்துக் கண் முழுவதும் சற்றே பலவீனம். இரண்டாவதில் விளிம்புத் தூணை ஒட்டிய சிறு பகுதி மட்டும் வெறும் கம்பிகளை நம்பி நிற்கிறது. இரண்டையும் பிரித்தறிய முதலில் க்ரௌட் குழாயில் காற்று ஊதிப் பார்க்க வேண்டும். டெட் எண்டை ஒட்டிய துளையில் காற்று தடையின்றி வந்தால் அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. வராவிட்டால் அடைப்பு ஏறக்குறைய உறுதி, க்ரௌட்டும் அங்கே போகாது என்பதும் சேர்ந்தே தெரிகிறது. காற்று அரைகுறையாக வந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அந்தக் குழப்பத்தில் வேலையிடத்தில் பெரும்பாலும் முதலில் எடுக்கப்படும் வழி, அழுத்தத்தைக் கூட்டி இழுப்பது. அமைச்சகத்தின் பால விவரக்குறிப்பிலும் இதற்கு இடம் உண்டு: குறித்த அழுத்தத்தில் நீட்சி வராவிட்டால், அழுத்தம் 1.05 மடங்கைத் தாண்டாதவரை படிப்படியாகக் கூட்டலாம். ஆனால் 9ஆம் கேபிளில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 5 சதவீதம் கூட்டினால் பூட்டுமுன் நீட்சியும் 144.5லிருந்து 152க்கு ஏறி, 155க்கு எதிரே 2 சதவீதக் குறைவாகத் தெரியும்; பதிவேடு சுத்தமாகிவிடும். டெட் எண்டில் விசை 101லிருந்து 106க்கு மட்டுமே ஏறியிருக்கும், 117க்கு இன்னும் 10 சதவீதம் குறைவு. அடைப்பாக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதிக்கு எதுவுமே போய்ச் சேராது. தாளைச் சரிசெய்து, தளத்தை ஏறக்குறைய இருந்தபடியே விட்டுவிடும் வழி இது.

அதோடு மேலே போக இடமும் அதிகமில்லை. ஐஎஸ் 1343:2012 ஆங்கருக்கு உடனடியாகப் பின்னால் இருக்கக்கூடிய தொடக்கத் தகைவை உடையும் வலிமையில் 76 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. 75ல் இழுத்துக்கொண்டிருப்பவர் 5 சதவீதம் கூட்டினால் 78.75க்குப் போகிறார். வெட்ஜ் உள்வாங்கிய பின் அது இறங்கிவிடும் என்று வாதிடலாம். அந்த வாதத்தை முன்கூட்டியே எழுத்தில் ஏற்க வேண்டியவர் வடிவமைப்பாளர், ஜாக் பிடித்திருப்பவர் அல்லர். ஏசிஐ இழுக்கும்போது 80 சதவீதம் வரை விடுகிறது. அந்த முறையில் வடிவமைத்த தளங்களில் சற்றுக் கூடுதல் இடம் இருக்கலாம். 70 சதவீதத்தில் இழுக்கத் திட்டமிட்ட தளங்களில் இந்த வழி உண்மையாகவே ஒரு வழி. 75ல் அது பெயரளவுக்கு மட்டுமே வழி.

தளர்த்தி மீண்டும் இழுப்பது இதைவிட நேர்மையான வழி, ஆனால் கடினமானது. வெட்ஜை விடுவிக்க ஜாக்குக்கு முன்னால் தனி ஸ்டூல் வேண்டும். ஒவ்வொரு ஸ்ட்ராண்டாக, ஜாக்கின் நேர்ப்பின்னால் யாரும் நில்லாமல் செய்ய வேண்டும். பற்கள் பதிந்த இடத்திலேயே வெட்ஜ் மறுபடி கடிக்காதபடி பார்க்க வேண்டும். பலன் என்ன? உராய்வுதான் காரணம் என்றால், ஸ்ட்ராண்டுகள் முன்னும் பின்னும் ஒருமுறை நகர்வதால் ஒட்டியிருந்த துருவும் சிறு பிடிப்புகளும் விலகி, இரண்டாவது இழுப்பில் நீட்சி பெரும்பாலும் முன்னேறும். தளர்த்தும்போதே ஒரு சான்றும் கிடைக்கும்: உராய்வு மிகுந்த கேபிள், அழுத்தம் இறங்க இறங்கத் தயங்கித் தயங்கித்தான் திரும்பும்; இழுத்தபோது ஒவ்வொரு படியிலும் எடுத்த நீட்சிக்கும் தளர்த்தும்போது அதே படியில் எடுத்த நீட்சிக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். நுனியில் பிடிபட்ட கேபிளில் அந்த இடைவெளி சாதாரணக் கேபிளில் இருப்பதைப் போலவே இருக்கும். இரண்டாவது இழுப்பிலும் அதே 144தான் வரும். ஆகவே தளர்த்துவது நான்கு ஸ்ட்ராண்டுக்கும் சேர்த்து எடுத்த முடிவாக இருக்கத் தேவையில்லை. ஒன்றில் செய்து பார்த்து, முன்னேற்றம் இருந்தால் மற்ற மூன்றுக்கும் செய்யலாம்.

கடைசி வழி, குறைந்த விசையோடு ஏற்பது. இதைத் தோல்வியாகக் கருதும் பழக்கம் வேலையிடங்களில் இருக்கிறது. எந்தக் கேபிள், எங்கே என்பதைப் பொறுத்தே அதை மதிப்பிட வேண்டும். 9ஆம் கேபிள் ஆறு கேபிள்கள் பரவிய ஒரு பட்டையில் ஒன்று என்றால், அதன் சராசரிக் குறைவு 7 சதவீதம் பட்டையின் மொத்தத்தில் ஒன்றேகால் சதவீதத்துக்கும் கீழே. டெட் எண்டில் 14 சதவீதம் என்றாலும் பட்டைக்கு இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. மற்ற ஐந்தும் ஒழுங்காக இருக்கும்போது தளத்தின் வளைவும் விரிசலும் இதை உணரப்போவதில்லை. அதே கேபிள் தூண்களின் மேல் நெருக்கமாகக் கட்டிய பட்டையில் இரண்டில் ஒன்றாக இருந்தாலோ, விளிம்புத் தூணில் துளைவெட்டு விசைக்கு முன்தகைவின் உதவியை வடிவமைப்பாளர் எடுத்திருந்தாலோ, அதே 7 சதவீதம் ஏற்கத்தக்கதன்று.

எனவே 9ஆம் கேபிளுக்கு என் வரிசை இது: காற்று ஊதிப் பார்ப்பது, ஒரு ஸ்ட்ராண்டைத் தளர்த்தி இழுப்பது, அதன் பின் 101 என்ற எண்ணையோ ஒன்றே முக்கால் மீட்டர் என்ற நீளத்தையோ, எது உறுதியானதோ அதை, வடிவமைப்பாளரிடம் கொடுத்து மறுகணக்குக் கேட்பது. அடைப்பு என்று தெரிந்தால் அந்த நீளத்துக்கு க்ரௌட் எப்படிப் போகும் என்பதற்கும் வழி சொல்லியாக வேண்டும்; இடையில் டக்டைத் துளையிட்டு வேறு குழாய் பொருத்துவது வழக்கமான தீர்வு. துளையிடும்போது ஸ்ட்ராண்டில் பட்டால், இவ்வளவு நேரம் காத்த விசை அத்தனையும் போய்விடும் என்பதை அங்கே நிற்பவர் அறிந்திருக்க வேண்டும்.

குறுகிய கேபிள்களுக்கு இந்த வாதம் எதுவும் இப்படியே செல்லாது. 6 மீட்டர் கேபிளின் நீட்சி 40 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதில் 5 சதவீதம் 2 மி.மீ., டேப்பும் வண்ணக் குறியும் தரும் பிழைக்குள் அடங்கிவிடும். வெட்ஜ் 2 மி.மீ. கூடுதலாக உள்வாங்கினாலே எல்லை தாண்டிவிடும். அத்தகைய கேபிள்களுக்குச் சதவீதத்தோடு ஒரு மி.மீ. அளவையும் வேலை தொடங்கும் முன்பே ஒத்துக்கொண்டு எழுதிவைக்க வேண்டும். எல்லை தாண்டிய பின் அதைப் பேசத் தொடங்கினால் சாக்குப்போக்காகவே கேட்கும்.

இந்த வழிகள் எல்லாம் திறந்திருப்பது ஸ்ட்ராண்டின் வால் வெட்டப்படும் வரைதான். வாலை ஆங்கரோடு ஒட்டி வெட்டிய பின் ஜாக் பிடிக்க எதுவும் இராது. லிஃப்ட் ஆஃபும் தளர்த்தலும் முடிந்தன, மிஞ்சுவது மறுகணக்கும் ஏற்பும் மட்டுமே. வெட்டாமலும் க்ரௌட் செய்யாமலும் வைத்திருக்கவும் முடியாது. ஈரம் புகுந்த டக்டில், அதுவும் கடலோர ஊர்களில், இழுபட்ட ஸ்ட்ராண்ட் விரைவில் துருவேறும். ஒப்பந்தங்கள் இழுப்பதற்கும் க்ரௌட்டுக்கும் இடையே நாள் வரம்பு வைப்பது அதனால்தான். பதிவேடு இழுத்த அன்றே வடிவமைப்பாளர் கைக்குப் போய், எல்லை தாண்டிய கேபிள்களின் எண்களைக் குறிப்பிட்டு, அவை நீங்கலாக மற்றவற்றை வெட்டலாம் என்று எழுத்தில் திரும்ப வேண்டும். இந்தத் தளத்தில் அந்தத் தாளில் 9, 14, 17 மூன்றும் தனியே நிற்கும். 14ம் 17ம் ஜாக் அங்கே இருக்கும்போதே முடிந்துவிடும் வேலைகள். 9 மட்டும் வாலோடு காத்திருக்கும்.